டைம்ஷீட் ஸ்கிரீன்ஷாட்டை வைத்து ஓவர்டைமையும் சம்பளத்தையும் நீங்களே கணக்குப் போடுவது எப்படி

கூட வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆகவில்லை. ஒரு திங்கட்கிழமை காலையில் முந்தின வாரத்து டைம்ஷீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பியிருந்தார். "அண்ணா, கீழே 51.50னு போட்டிருக்கு, 40 போக பதினொன்றரை மணி ஓவர்டைம் வந்திருக்கு, மணிக்கு 18னா எவ்வளவு வரும்னு நான் போட்டது சரியான்னு பாருங்க" என்று கேட்டிருந்தார். அவர் போட்ட கணக்கு 1030.50. பெருக்கலில் ஒரு தப்பும் இல்லை, ஆனால் விடை தப்பு, ஏனென்றால் அந்த 51.50 அவர் நினைத்த பொருளில் இல்லை. புதிதாகச் சேர்பவர்கள் பெரும்பாலும் இடறுவது இதே இடத்தில்தான் என்பதால், அவருடைய அந்த ஒரு வாரத்தையே எடுத்து, படத்தைப் பார்ப்பதிலிருந்து கடைசித் தொகை வரை போட்டுக் காட்டுகிறேன். 18 என்பது எந்தப் பணமாக வேண்டுமானாலும் இருக்கட்டும், உங்கள் ரேட்டை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் படத்தை ஒழுங்காகப் படிக்கவும்

கால்குலேட்டரைத் திறக்கும் முன் படத்தின் மேல் பக்கத்தைப் பாருங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று அங்கே இருக்கும். வாரம் திங்களில் தொடங்குகிறதா, ஞாயிறிலா என்பது வெறும் அலங்காரம் இல்லை, கடைசியில் பணத்தையே மாற்றும், அதற்குப் பிறகு வருகிறேன். அடுத்து, ஏழு நாளும் படத்தில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். போனில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டில் கடைசி வரி திரைக்குக் கீழே போய் மறைந்துகொள்வது சர்வ சாதாரணம், ஆறு நாளைக் கூட்டிவிட்டு கீழே இருக்கும் மொத்தத்தோடு ஒத்துவரவில்லை என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டவன் நான்.

தம்பியின் படத்தில் In, Out, Break என்று மூன்று பத்திகள் இருந்தன. ஒவ்வொரு நாளுக்கும் தனி மொத்தம் இல்லை, கீழே ஒரே ஒரு எண், அந்த 51.50, அவ்வளவுதான். நான் செய்த முதல் வேலை, அதை அப்படியே கையால் தாளில் எழுதிக்கொண்டது:

```
திங்கள்    08:00 - 17:15   பிரேக் 30
செவ்வாய்   08:05 - 17:00   பிரேக் 30
புதன்      07:50 - 18:40   பிரேக் 30
வியாழன்    PTO  8.00
வெள்ளி     08:00 - 16:30   பிரேக் 30
சனி        22:00 - 06:20   பிரேக் 30
ஞாயிறு     --
```

படத்தில் காலை, மாலை என்று 12 மணிக் கணக்கில்தான் இருந்தது. எழுதும்போதே 24 மணிக் கணக்குக்கு மாற்றிவிட்டேன், மாலை 5:15 என்றால் 17:15. இந்த ஒரு பழக்கம் பாதித் தவறுகளைத் தடுத்துவிடும். படத்திலிருந்து எழுத்தை உருவி எடுத்துத் தரும் வசதி இப்போது பல போன்களில் இருக்கிறது, பயன்படுத்தலாம், ஆனால் அப்படி எடுத்ததை வரிக்கு வரி படத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். 8:05 என்பதில் இரட்டைப் புள்ளி காணாமல் போய் 805 என்றோ 8.05 என்றோ வரும், மங்கலான படத்தில் 3-உம் 8-உம் ஒன்றுபோலத் தெரியும், எல்லாவற்றையும்விட மோசம், வியாழன் மாதிரி நேரம் இல்லாத வரி வந்தால் அதற்குக் கீழே உள்ள நேரங்கள் ஒரு வரி மேலேறிவிடும். ஏழே வரிக்குக் கையால் எழுதுவது ரெண்டு நிமிட வேலை என்பது என் கட்சி.

வியாழன் வரியில் உள்ள PTO என்பது சம்பளத்தோடு கூடிய லீவு. அதை எழுதும்போதே ஒரு வட்டம் போட்டுத் தனியாக வைத்துவிடுங்கள், அதற்குக் கணக்கில் வேறு இடம். சில டைம்ஷீட்டில் இதே இடத்தில் HOL, SICK என்றெல்லாம் வரும், விடுமுறையும் உடம்பு சரியில்லாத லீவும், அவற்றுக்கும் வட்டம்தான். Out பத்தியில் நேரத்துக்குப் பதிலாகக் கோடு மட்டும் இருந்தால் வெளியே போகும்போது பஞ்ச் பண்ண மறந்திருக்கிறீர்கள் என்று பொருள், அந்த நாளைப் பெரும்பாலும் மென்பொருள் பூஜ்யமாகத்தான் எடுத்துக்கொள்ளும். கணக்குப் போடும் முன் சூபர்வைசரிடம் சொல்லி அதைத் திருத்துவதுதான் முதல் வேலை.

ஒரு நாள் எத்தனை மணி

வெளியே போன நேரத்திலிருந்து உள்ளே வந்த நேரத்தைக் கழித்து, அதிலிருந்து பிரேக்கைக் கழிக்க வேண்டும். திங்கட்கிழமை 17:15 கழித்தல் 8:00 என்றால் 9 மணி 15 நிமிடம், பிரேக் 30 போக 8 மணி 45 நிமிடம். செவ்வாயில் 17:00-இலிருந்து 8:05 போக வேண்டும், நிமிடத்தில் கடன் வாங்க வேண்டியிருக்கும். இங்கே கடன் வாங்கினால் வருவது 60, 100 இல்லை. 16 மணி 60 நிமிடம் கழித்தல் 8 மணி 5 நிமிடம், 8 மணி 55 நிமிடம், பிரேக் போக 8:25. புதன் 18:40 கழித்தல் 7:50, 10 மணி 50 நிமிடம், பிரேக் போக 10:20. வெள்ளி சரியாக 8:00.

சனிக்கிழமைதான் ஆட்களைக் குழப்பும். இரவு பத்துக்கு உள்ளே போய் மறுநாள் காலை 6:20-க்கு வெளியே வந்திருக்கிறார். 6:20-இலிருந்து 22:00-ஐக் கழித்தால் மைனஸில் போகும். நள்ளிரவைத் தாண்டிய ஷிப்டுக்கு வெளியே வந்த நேரத்தோடு 24-ஐக் கூட்டிக்கொள்ளுங்கள், 6:20 என்பது 30:20 ஆகிவிடும், அதிலிருந்து 22:00 போனால் 8:20, பிரேக் போக 7:50.

பிரேக் பத்தியைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லா நாளும் அச்சடித்த மாதிரி 30 என்று இருந்தால், அது நீங்கள் உண்மையில் எடுத்த பிரேக் இல்லை, மென்பொருள் தானாகக் கழிக்கிறது என்று சந்தேகப்படலாம். சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் வேலை பார்த்த நாளிலும் அது அரை மணியை வெட்டிவிடும். தம்பியிடம் கேட்டேன், "புதன்கிழமை பிரேக் எடுத்தியா?" "எடுத்தேன்ணா, லேட்டாத்தான், ஆனா எடுத்தேன்" என்றார், சரி, விட்டுவிட்டேன். எடுக்காமல் இருந்திருந்தால் அந்த அரை மணி அப்படியே ஓவர்டைமில் சேர்ந்திருக்கும், இந்த ரேட்டில் அது 13.50.

கூட்டும்போது நிமிடத்தைப் புள்ளியாக்காதீர்கள்

ஐந்து நாள் வேலை நேரம் இப்போது கையில் இருக்கிறது: 8:45, 8:25, 10:20, 8:00, 7:50. மணிகளைத் தனியாகக் கூட்டுங்கள், 8, 8, 10, 8, 7, மொத்தம் 41. நிமிடங்களைத் தனியாகக் கூட்டுங்கள், 45, 25, 20, 0, 50, மொத்தம் 140. 140 நிமிடம் என்பது 2 மணி 20 நிமிடம். ஆக 43 மணி 20 நிமிடம்.

இதையே அவசரத்தில் கால்குலேட்டரில் 8.45 + 8.25 + 10.20 + 8.00 + 7.50 என்று தட்டினால் 42.40 வரும். பார்த்தால் நம்பும்படிதான் இருக்கும், அதுதான் ஆபத்து. நானே முதல் வேலையில் மூன்று மாதம் இப்படித்தான் போட்டு, என் கணக்கைவிட வங்கியில் அதிகமாக விழுகிறதே என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். விஷயம் இவ்வளவுதான்: 45 நிமிடம் என்பது ஒரு மணியில் முக்கால், அதாவது 0.75, அது 0.45 ஆகாது. நிமிடத்தை எப்போதும் 60-ஆல் வகுத்தால்தான் புள்ளிக்குப் பின்னால் வர வேண்டிய எண் கிடைக்கும். 15 நிமிடம் 0.25, 30 நிமிடம் 0.50, 20 நிமிடம் 0.33, 50 நிமிடம் 0.83. ஆறு நிமிடத்துக்கு 0.1 என்று மனசில் வைத்துக்கொண்டால் மீதியை அதை வைத்தே ஊகித்துவிடலாம்.

ஸ்கிரீன்ஷாட்டில் இருக்கும் எண் மணி நிமிடமா, பதின்மமா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? நடுவில் இரட்டைப் புள்ளி இருந்தால் பெரும்பாலும் மணி நிமிடம். ஒற்றைப் புள்ளி இருந்து, அதற்குப் பின்னால் 60-ஐவிடப் பெரிய எண் எங்காவது ஒரு வரியில் வந்தால், 8.75 மாதிரி, அது பதின்மம்தான் என்று உறுதி. எங்குமே வரவில்லை என்றால் ஒரு நாளை எடுத்துக் கையால் போட்டு ஒப்பிடுங்கள். ஒரு நாள் போதும்.

பதின்மமாக மாற்றும்போது நாளுக்கு நாள் ரெண்டு இலக்கத்துக்குச் சுருக்கிக்கொண்டே போகாமல், மணி நிமிடமாகவே கடைசி வரை கூட்டிவிட்டு ஒரே தடவை மாற்றுவது நல்லது. 43:20 என்பது 43.3333. அதை 43.33 என்று வெட்டினால் ஓவர்டைம் 90-க்குப் பதில் 89.91 வரும். சில்லறைதான், ஆனால் சம்பளச் சீட்டோடு ஒத்துப்பார்க்கும்போது அந்தச் சில்லறை எங்கே போனது என்று தேட வைக்கும்.

கூட்டல் சரியா என்று பார்க்க எனக்குப் பிடித்த ஒரு வழி உண்டு. நாள்வாரியாகப் போகாமல் எல்லா Out நேரத்தையும் ஒன்றாகக் கூட்டுங்கள், எல்லா In நேரத்தையும் ஒன்றாகக் கூட்டுங்கள், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். இங்கே Out எல்லாம் சேர்ந்து 99:45 (சனியை 30:20 என்றே எடுத்துக்கொண்டு), In எல்லாம் சேர்ந்து 53:55, வித்தியாசம் 45:50. ஐந்து நாள் பிரேக் 2:30 போனால் 43:20. ரெண்டு வழியில் போட்டும் ஒரே விடை வந்துவிட்டது என்றால் கூட்டலில் தப்பு இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. படத்தைத் தப்பாகப் படித்திருந்தால் மட்டும் இது காப்பாற்றாது, அதை மறக்க வேண்டாம்.

வழக்கமான மணி எது, ஓவர்டைம் எது

இதற்கு உங்கள் இடத்து விதி தெரிய வேண்டும். வேலைக்குச் சேரும்போது தந்த கடிதத்திலோ ஒப்பந்தத்திலோ இருக்கும். கேட்க வேண்டியவை மூன்று: எத்தனை மணிக்கு மேல் ஓவர்டைம், அது நாள் கணக்கா வாரக் கணக்கா, ஓவர்டைமுக்கு எத்தனை மடங்கு. அமெரிக்காவில் 1938-இல் வந்த கூட்டாட்சிச் சட்டப்படி அந்தச் சட்டத்துக்குள் வரும் தொழிலாளர்களுக்கு வாரம் 40 மணிக்கு மேல் ஒன்றரை மடங்கு. அதே நாட்டில் கலிபோர்னியாவில் ஒரே நாளில் 8 மணியைத் தாண்டினாலே ஒன்றரை மடங்கு, 12 மணியைத் தாண்டினால் இரண்டு மடங்கு. மற்ற நாடுகளில் வேறு எண்கள், சில இடங்களில் ஓவர்டைமுக்குக் கூடுதல் ரேட் தர வேண்டும் என்ற சட்டமே கிடையாது, ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறதோ அதுதான். தம்பியின் ஒப்பந்தத்தில் வாரம் 40, அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. அதையே எடுத்துக்கொள்வோம்.

43:20-இல் 40 வழக்கமான மணி, 3:20 ஓவர்டைம். அவ்வளவுதான். தம்பி நினைத்த பதினொன்றரை எங்கே, இந்த மூணே கால் சொச்சம் எங்கே!

இடையில் உள்ள எட்டு மணி அந்த வட்டம் போட்ட வியாழன்தான். லீவு நாளுக்குச் சம்பளம் உண்டு, ஆனால் அன்று அவர் வேலை செய்யவில்லை. 40 என்ற வரம்பு வேலை செய்த மணிக்குத்தான் பார்க்கப்படுகிறது, அந்த அமெரிக்கச் சட்டத்திலும் அப்படித்தான், பல ஒப்பந்தங்களிலும் அப்படித்தான். சில நிறுவனங்கள் பெரிய மனசு பண்ணி விடுமுறை நாளையும் 40-க்குள் சேர்த்துக்கொள்வது உண்டு, அப்படி எழுத்தில் இருந்தால் ஒழிய நீங்களாகச் சேர்த்துக்கொள்ளாதீர்கள். லீவு 8 மணிக்குச் சாதாரண ரேட்டில் தனியாகப் பணம் வரும், ஓவர்டைமைத் தொடாது.

நாள் கணக்கு விதி உள்ள இடமாக இருந்தால் இதே வாரம் வேறு மாதிரி பிரியும். 8 மணிக்கு மேல் போனது திங்களில் 45 நிமிடம், செவ்வாயில் 25 நிமிடம், புதனில் 2 மணி 20 நிமிடம், மொத்தம் 3:30. சனி 7:50 என்பதால் அதில் ஒன்றும் இல்லை. மீதி 39:50 வழக்கமான மணி. இங்கே பலர் செய்யும் தப்பு, நாள் கணக்கில் 3:30, வாரக் கணக்கில் 3:20, ஆக 6:50 என்று ரெண்டையும் கூட்டிவிடுவது. ஒரே மணியை ரெண்டு தடவை ஓவர்டைமாக எண்ணக்கூடாது. முதலில் நாள் கணக்கில் பிரித்துவிட்டு, மிச்சமிருக்கும் வழக்கமான மணி மட்டும் 40-ஐத் தாண்டுகிறதா என்று பாருங்கள், இங்கே 39:50, தாண்டவில்லை, ஆகவே 3:30-தான்.

பணம்

வழக்கமான ரேட் 18, ஓவர்டைம் ரேட் அதில் ஒன்றரை மடங்கு, 27.

```
வழக்கமான மணி   40 × 18       = 720.00
ஓவர்டைம்       3.3333 × 27   =  90.00
லீவு           8 × 18        = 144.00
மொத்தம்                      = 954.00
```

இதையும் வேறு வழியில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். வேலை செய்த எல்லா மணிக்கும் சாதாரண ரேட், 43.3333 பெருக்கல் 18, அது 780. ஓவர்டைம் மணிக்கு மட்டும் மேலே இன்னும் அரை ரேட், 3.3333 பெருக்கல் 9, அது 30. சேர்த்தால் 810, லீவு 144-ஐயும் சேர்த்தால் 954. சில சம்பளச் சீட்டுகள் இந்த மாதிரிதான் பிரித்துக் காட்டும், ஓவர்டைம் வரியில் வெறும் 30 என்று பார்த்துவிட்டு "பாதிதான் போட்டிருக்கான்" என்று சண்டைக்குப் போனவர்கள் உண்டு. மேல் வரியில் எத்தனை மணி போட்டிருக்கிறது என்று பார்த்தால் புரிந்துவிடும், 40-க்குப் பதில் 43.33 இருக்கும்.

இரவு ஷிப்டுக்குத் தனி அலவன்ஸ் உண்டென்றால் அது இந்தக் கணக்கில் சேரவில்லை. சில இடங்களில் அந்த அலவன்ஸையும் சேர்த்துத்தான் ஓவர்டைம் ரேட்டையே கணக்கிடுவார்கள். சின்ன வித்தியாசம்தான் வரும், முதல் முயற்சியில் விட்டுவிடலாம்.

அப்புறம் அந்த 51.50 எங்கிருந்து வந்தது?

நம் கணக்குப்படி வேலை 43:20, லீவு 8, மொத்தம் 51:20, அதாவது 51.33. படத்தில் 51.50. பத்து நிமிடம் உதைக்கிறது. நான் இங்கே நிறுத்தியிருக்கலாம், தம்பிக்கு லாபமான பக்கம்தானே என்று. ஆனால் காரணம் தெரியாத வித்தியாசம் இந்த வாரம் லாபமாக இருந்தால் அடுத்த வாரம் நஷ்டமாக இருக்கும்.

காரணம் ரவுண்டிங். பல இடங்களில் பஞ்ச் நேரத்தை அப்படியே எடுக்காமல் பக்கத்தில் உள்ள கால் மணிக்குத் தள்ளிவிடுவார்கள். கால் மணியைத் தாண்டி 7 நிமிடம் வரை இருந்தால் பின்னால் இழுப்பார்கள், 8 நிமிடத்திலிருந்து முன்னால் தள்ளுவார்கள். அப்படிப் பார்த்தால் செவ்வாய் 8:05 என்பது 8:00 ஆகிறது, அன்றைக்கு 8:30. புதன் 7:50 என்பது 7:45, 18:40 என்பது 18:45, அன்றைக்கு 10:30. சனி 6:20 என்பது 6:15, அன்றைக்கு 7:45. திங்கள் 8:45-உம் வெள்ளி 8:00-உம் மாறவில்லை. கூட்டினால் 43:30, லீவு சேர்த்தால் 51:30, அதுதான் 51.50. பூட்டுக்குள் சாவி போய் உட்கார்ந்த மாதிரி.

உங்கள் கணக்கும் படத்து மொத்தமும் ஒன்றோ ரெண்டோ நிமிடமாக இல்லாமல் 5, 10, 15 நிமிடம் என்று விலகி, படத்து மொத்தம் .00, .25, .50, .75 என்று மட்டுமே முடிந்தால் முதலில் ரவுண்டிங்கைச் சந்தேகியுங்கள். விலகல் சரியாக 30 நிமிடத்தின் மடங்காக இருந்தால் பிரேக், சரியாக 8 மணி என்றால் லீவு, 12 மணி என்றால் எங்கோ காலை மாலை மாறிப்போயிருக்கிறது.

ரவுண்டிங் உள்ள இடத்தில் சம்பளம் போடுவது ரவுண்டு செய்த மணிக்குத்தான். ஆக தம்பிக்கு ஓவர்டைம் 3.50, அது 94.50, மொத்தம் 958.50. ரவுண்டிங் ரெண்டு பக்கமும் போக வேண்டும், சில நாள் உங்களுக்கு, சில நாள் அவர்களுக்கு. வாரா வாரம் உங்கள் சொந்தக் கணக்கைவிடக் குறைவாகவே வருகிறது என்றால் அப்போது கேள்வி கேட்கலாம்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் போட

வாரா வாரம் கையால் போடப் பொறுமை இல்லையென்றால் ஒரு தாளைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். B பத்தியில் உள்ளே வந்த நேரம், C-இல் வெளியே போன நேரம், D-இல் பிரேக் நிமிடம், E2-இல் இந்தச் சூத்திரம், அதை E8 வரை இழுத்துவிடுங்கள்:

```
=MOD(C2-B2,1)*24-D2/60
```

MOD இருப்பதால் நள்ளிரவு தாண்டிய ஷிப்டும் தானாகச் சரியாகிவிடும், 24-ஐக் கூட்ட வேண்டியதில்லை. லீவு நாளில் B, C, D மூன்றையும் காலியாக விட்டுவிடுங்கள், லீவு மணியை F பத்தியில் போடுங்கள், E-இல் கலக்காதீர்கள். H1-இல் உங்கள் ரேட்டை எழுதிவிட்டு:

```
E9:   =SUM(E2:E8)
E10:  =MIN(E9,40)
E11:  =MAX(E9-40,0)
E12:  =E10*H1+E11*H1*1.5+SUM(F2:F8)*H1
```

E பத்தி முழுதும் சாதாரண எண் வடிவத்தில் இருக்க வேண்டும், நேர வடிவத்தில் இல்லை. இந்தச் சூத்திரம் இல்லாமல் மணி நிமிடத்தை நேர வடிவத்திலேயே கூட்ட முயன்றால் 43:20-க்குப் பதில் 19:20 என்று காட்டும், ஏனென்றால் 24 மணி ஆனதும் ஒரு நாளாக எடுத்து உள்ளே போட்டுக்கொள்கிறது. அப்படி வந்தால் செல் வடிவத்தை `[h]:mm` என்று மாற்றினால் முழுதும் தெரியும். இந்த வாரத்து எண்களைப் போட்டு E12-இல் 954 வருகிறதா என்று ஒரு தடவை சோதித்துவிட்டு அப்புறம் உங்கள் எண்களைப் போடுங்கள்.

வாரம் எங்கே முடிகிறது

முன்னால் சொன்னேனே, அதற்கு வருகிறேன். தம்பியின் வாரம் திங்களில் தொடங்கி ஞாயிறு இரவு முடிகிறது, அதனால் சனி இரவு ஷிப்ட் முழுதும் உள்ளேயே இருந்தது. அதே வாரம் ஞாயிறில் தொடங்கி சனி நள்ளிரவில் முடியும் இடமாக இருந்தால்? சனி இரவு பத்திலிருந்து பன்னிரண்டு வரை ரெண்டு மணிதான் இந்த வாரம். மீதி 5:50 அடுத்த வாரத்துக்குப் போய்விடும், பிரேக்கை நள்ளிரவுக்குப் பிறகு எடுத்தார் என்று வைத்துக்கொண்டால். அப்போது இந்த வார வேலை 37:30, நாற்பதைத் தொடவே இல்லை, ஓவர்டைம் பூஜ்யம். அதே உழைப்பு, அதே தூக்கமில்லாத ராத்திரி, காலண்டரில் ஒரு கோடு இடம் மாறியதற்கு இந்த வார ஓவர்டைம் முழுதும் போச்சு.

இதில் இன்னொரு சிக்கல், சில டைம்ஷீட் மென்பொருள்கள் ஷிப்டை நள்ளிரவில் வெட்டாமல், தொடங்கிய நாளின் கணக்கிலேயே முழுதும் எழுதிவிடும். படத்தை மட்டும் பார்த்து இது தெரியாது. வார எல்லையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர் என்றால் சம்பளப் பிரிவில் ஒரே ஒரு தடவை கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் தரும் இடமாக இருந்தாலும் வாரத்தைத் தனித்தனியாகத்தான் பிரிக்க வேண்டும்: ஒரு வாரம் 46, அடுத்த வாரம் 34 என்றால் சேர்த்து 80 ஆகிவிட்டது, ஓவர்டைம் இல்லை என்று சொல்வது வார விதி உள்ள இடத்தில் தப்பு, முதல் வாரத்து 6 மணி ஓவர்டைம்தான்.

இங்கே வந்த தொகை எல்லாமே பிடித்தத்துக்கு முந்தியது. வரி, காப்பீடு, முன்பணம் எல்லாம் போக வங்கியில் விழுவது இதைவிடக் குறையும், அதனால் வங்கித் தொகையோடு ஒப்பிட வேண்டாம், சீட்டில் பிடித்தத்துக்கு மேலே இருக்கும் மொத்தத்தோடு ஒப்பிடுங்கள். ஒத்துவரவில்லையென்றால் "சம்பளம் குறையுது" என்று போய் நிற்காமல், எந்தத் தேதி, டைம்ஷீட்டில் என்ன நேரம், உங்கள் கணக்கில் எத்தனை மணி, சீட்டில் எத்தனை மணி என்று நாலு விஷயத்தை எழுதிக் கொடுங்கள். பணத்தைவிட மணியைக் கேட்பது சுலபம், மணி சரியானால் பணம் தானே சரியாகிவிடும். ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பும்போது மேலே உள்ள பணியாளர் எண்ணை வெட்டிவிட்டு, மூலப் படத்தை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பஞ்ச் நேரத்தைப் பிறகு யாராவது திருத்தினால் முன்பு என்ன இருந்தது என்பதற்கு அது ஒன்றுதான் உங்கள் கையில் இருக்கும்.

தம்பியின் சீட்டு வெள்ளிக்கிழமை வந்தது. மேல் வரியில் 958.50. "அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே வந்திருக்கு, ஆனா 1030 வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்று ஒரு மெசேஜ்.